ஹெபடைடிஸ் சி: கடைசி மாத்திரைக்குப் பின் 84 நாள்

காமாலை என்றதும் கீழாநெல்லியைத் தேடிப்போகும் ஊர் நம்முடையது. ஹெபடைடிஸ் ஏ வகைக் காமாலை பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும், பெயர் கீழாநெல்லிக்குப் போகும். ஹெபடைடிஸ் சி அந்த ரகம் இல்லை. அது கண்ணை மஞ்சளாக்குவதே அரிது. இருபது, முப்பது ஆண்டுகள் சத்தமில்லாமல் கல்லீரலில் உட்கார்ந்திருந்து, அறுவை சிகிச்சைக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில் தற்செயலாகத்தான் அகப்படும். எப்போது வந்தது என்று கேட்டால், பலர் யோசித்துப் பார்த்து ஏற்றிய ரத்தத்தையோ, கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்பப் போட்ட ஊசியையோ சொல்வார்கள்.

2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இதற்கான பரிசோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். அமெரிக்காவில் 2013 இறுதியில் வந்தபோது, ஒரு மாத்திரை ஆயிரம் டாலர், 12 வார மருந்துக்கு 84,000 டாலர் என்று விலை வைத்த அதே சோஃபோஸ்புவிர்தான். மாத்திரை கிடைப்பதிலும் விழுங்குவதிலும் இப்போது அதிகச் சிக்கல் இல்லை. குழப்பமெல்லாம் மாத்திரை தீர்ந்த பிறகுதான்.

பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டு முடித்தேன். கடைசி நாளில் எடுத்த ரத்தத்தில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. குணமாகிவிட்டேன்தானே?

இன்னும் சொல்ல முடியாது. மாத்திரை உடம்பில் இருக்கும்போது கிருமி தலைகாட்டாமல் இருப்பது பெரிய விஷயமல்ல. பெரும்பாலானவர்களுக்கு நான்காவது வாரத்திலேயே ரத்தத்தில் கிருமி காணாமல் போய்விடுகிறது. மருந்து நின்ற பிறகும் அது திரும்பவில்லையா என்பதுதான் கேள்வி. அதனால் கடைசி மாத்திரை விழுங்கிய நாளிலிருந்து 12 வாரம், அதாவது 84 நாள் கழித்து ரத்தம் எடுத்து, கிருமியின் ஆர்.என்.ஏ. இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மக்கள் வழக்கில் இதுதான் வைரல் லோடு பரிசோதனை. அதில் கிருமி இல்லை என்று வந்தால் குணமென்று எழுதலாம். மருத்துவர்கள் சீட்டில் 'எஸ்.வி.ஆர். 12' என்று குறிப்பது இதைத்தான். நீடித்த வைரஸ் விடுதலை என்று தமிழில் சொல்லலாம்.

ஏன் 84 நாள்? கல்லீரல் செல்களில் கொஞ்சம் கிருமி தப்பிப் பிழைத்திருந்தால், மருந்து விலகியதும் அது பெருகத் தொடங்கும். அப்படித் திரும்புகிறவர்களில் பெரும்பாலோருக்கு முதல் சில வாரங்களிலேயே திரும்பிவிடும், 12 வாரத்துக்குள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வெளிப்பட்டுவிடும். இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில் 24 வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். பன்னிரண்டாம் வாரத்தில் கிருமி இல்லாதவர்களில் நூற்றுக்கு 99 பேருக்கு இருபத்துநான்காம் வாரத்திலும் இல்லை என்று தெரிந்த பிறகு காத்திருப்பு பாதியானது.

முன்கூட்டிப் போகாதீர்கள். எட்டாவது வாரத்தில் எடுத்த ரத்தத்தை வைத்துக் குணம் என்று எழுத முடியாது. தாமதமாகப் போனால் தவறில்லை, ஆறு மாதம் கழித்துப் போனாலும் அந்த முடிவு செல்லும். போகாமலே விட்டுவிடுகிறார்களே, அதுதான் தவறு. வேலை, பயணச் செலவு, 'உடம்புதான் நன்றாக இருக்கிறதே' என்ற நினைப்பு எல்லாம் சேர்ந்து அந்த ஒரு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வைக்கின்றன. பஞ்சாப் அரசு 2016-ல் மாநிலம் முழுதும் இலவச சிகிச்சை தொடங்கியபோது, இந்தப் பரிசோதனையை முடித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் குணமாகியிருந்தது தெரிந்தது. பரிசோதனைக்கு வராதவர்களைப் பற்றி அந்தக் கணக்கு எதுவும் சொல்லாது.

ஹெபடைடிஸ் பி-க்கு ஆண்டுக்கணக்கில் மாத்திரை போடச் சொல்கிறார்கள். சி மட்டும் மூன்று மாதத்தில் எப்படி ஒழிகிறது?

பி கிருமி நம் செல்லின் உட்கருவுக்குள் புகுந்து, அங்கே தன் மூலப் படியைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்கிறது. அந்த அறைக்குள் போய் அதை அழிக்கும் மருந்து இன்று வழக்கில் இல்லை. சி கிருமி உட்கருவுக்குள் போவதே இல்லை. செல்லின் வெளிக்கூடத்திலேயே பிழைப்பு நடத்துகிறது. அங்கே நகல் எடுப்பதைச் சில வாரம் முழுவதுமாக நிறுத்திவிட்டால், இருப்பதெல்லாம் சிதைந்துபோகும். ஒளித்து வைத்த படி எதுவும் கிடையாது.

நகல் எடுப்பதை நிறுத்த இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் அடிக்கிறார்கள். சோஃபோஸ்புவிர், கிருமி தன் ஆர்.என்.ஏ. சங்கிலியைக் கோக்கும்போது பொய்க் கண்ணியாக நுழைந்து, அதற்கு மேல் கோக்க முடியாமல் செய்துவிடும். உடன் தரும் டக்லாடாஸ்விர் அல்லது வெல்படாஸ்விர், நகல் கூடத்தையே கட்டவிடாமல் தடுக்கும். ஒரே மருந்தாகக் கொடுத்தால், நகலெடுப்பதில் ஓயாமல் பிழை செய்யும் இந்தக் கிருமி அதற்குத் தப்பும் ரகமொன்றை உண்டாக்கிவிடும். இரண்டு மருந்துக்கும் ஒரே சமயத்தில் தப்புவது கடினம். அரசுத் திட்டத்தில் கல்லீரல் சுருக்கம் இல்லாதவர்களுக்குப் பொதுவாக டக்லாடாஸ்விர் சேர்ந்த ஜோடி, சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கம் வந்தவர்களுக்கு வெல்படாஸ்விர் சேர்ந்தது.

நடுவில் சில நாள் மாத்திரை விட்டுப்போனால்?

அன்றைக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் அன்றைய மாத்திரை மட்டும், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. பல நாள் தொடர்ந்து விட்டுவிட்டால் நீங்களாக முடிவு செய்யாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாத்திரை விட்டதைவிட, கூடச் சேர்த்துச் சாப்பிட்ட வேறொரு மாத்திரையால் சிகிச்சை தோற்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், கார்பமாசெபைன் ஆகியவை இந்த மருந்துகளை ரத்தத்தில் நிற்கவிடாமல் விரைவாக வெளியேற்றிவிடும். சேர்த்துத் தரவே கூடாது. இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுகிறவர் சோஃபோஸ்புவிர் எடுத்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். வெல்படாஸ்விர் கரைய வயிற்று அமிலம் வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் 'கேஸ் மாத்திரை', அதாவது ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் வகைகள், அந்த அமிலத்தைத்தான் குறைக்கின்றன. தினமும் காலையில் அதைப் போடுவது பலருக்குப் பல் தேய்ப்பது மாதிரி பழகிவிட்டதால், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் அதை மருந்தாகவே எண்ணிச் சொல்வதில்லை. சொல்லுங்கள். சூரணம், லேகியம் எதுவானாலும் சொல்லுங்கள்.

ஹெபடைடிஸ் பி-யும் கூட இருக்கிறதா என்று சிகிச்சைக்கு முன்பே பார்ப்பார்கள். சி அடங்கியதும், அதுவரை அதன் நிழலில் பதுங்கியிருந்த பி திடீரெனக் கிளம்பி கல்லீரலைத் தாக்கக்கூடும் என்பதே காரணம். பி இருப்பவர்களுக்கு அதற்கான மாத்திரையும் சேர்ந்தே தேவைப்படலாம்.

84 நாள் கழித்து எடுத்த ரிப்போர்ட்டில் கிருமி இருக்கிறது என்று வந்துவிட்டது. இனி வழியில்லையா?

வழி இருக்கிறது. முதலில் எண்ணைப் பாருங்கள். லட்சக்கணக்கில் இருந்தால் கிருமி திரும்பிவிட்டது என்பதில் ஐயமில்லை. கருவியின் அளவிடும் எல்லை பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 15 சர்வதேச அலகு. அந்த எல்லைக்குக் கீழே, ஆனால் தடயம் தெரிந்தது என்று அச்சிட்டிருந்தால், சில வாரம் கழித்து ஒருமுறை திரும்பப் பார்ப்பார்கள். உண்மையில் திரும்பியிருந்தால் அதற்குள் எண் ஏறியிருக்கும்.

சிகிச்சை தோற்றவர்களுக்கு மறு சிகிச்சை உண்டு. மருந்துகளைக் கூட்டியோ, காலத்தை நீட்டியோ தருவார்கள். மேலை நாடுகளில் வோக்சிலாபிரவிர் என்ற மூன்றாவது மருந்து சேர்ந்த மாத்திரை அதற்கென்றே இருக்கிறது. சுருக்கம் முற்றியவர்கள், இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் மூன்றாம் மரபுவகைக் கிருமியோடு சுருக்கமும் உள்ளவர்கள் ஆகியோருக்குத் தோல்வி சற்று அதிகம். அதைவிட முக்கியம், பழைய மாத்திரைச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முன்பு எதைச் சாப்பிட்டீர்கள் என்று தெரியாமல் அடுத்ததைத் தீர்மானிக்க முடியாது.

கிருமி இல்லை, குணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வரச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படிச் சொல்லவில்லையே, ஏன்?

உங்கள் இருவருக்கும் கிருமி ஒன்றுதான், கல்லீரல்தான் வேறு. மாத்திரை தொடங்கிய அன்று கல்லீரல் எந்த நிலையில் இருந்தது என்பதுதான் பிறகு யார் வர வேண்டும், யார் வர வேண்டாம் என்பதைத் தீர்மானிக்கிறது. சுருக்கம் இல்லாதவர் 84-வது நாள் சோதனை முடிந்ததும் கல்லீரல் மருத்துவரிடமிருந்து விடைபெறலாம். எஸ்.ஜி.பி.டி. அதற்குப் பிறகும் உயர்ந்தே இருந்தால் மட்டும், கொழுப்பு படிந்த கல்லீரலோ மதுவோ வேறு காரணமோ என்று தேட வேண்டும்.

சுருக்கம் வந்தவருக்கு எப்படி என்று ஒரு பெண்மணியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். கணக்குப் புரிவதற்கான எடுத்துக்காட்டுதான். வயது 56, தையல் வேலை. 1993-ல் சிசேரியனில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியிருந்தார்கள். எஸ்.ஜி.ஓ.டி. 78, எஸ்.ஜி.பி.டி. 64, பிளேட்லெட் 1,12,000. பார்வைக்கு இவை பெரிய எண்களாகத் தெரியாது. ஃபிப்-4 என்ற எளிய கணக்கில் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்க 4,368. எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலம் 8. அதை ஆயிரக்கணக்கிலுள்ள பிளேட்லெட்டான 112-ஆல் பெருக்க 896. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 4.9 வருகிறது. 3.25-ஐத் தாண்டினாலே சுருக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்கேனில் மண்ணீரல் சற்றுப் பெருத்திருந்தது. ஃபைப்ரோஸ்கேனில் கல்லீரலின் விறைப்பு 21 கிலோபாஸ்கல். வயிற்றில் நீர் இல்லை, கட்டி இல்லை. எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயில் சிறிய நரம்பு வீக்கம் இருந்தது. சுருக்கம் வந்திருக்கிறது, ஆனால் கல்லீரல் இன்னும் சமாளித்துக்கொண்டிருக்கிறது என்பது முடிவு.

மார்ச் 1-ல் சோஃபோஸ்புவிர் 400 மி.கி., வெல்படாஸ்விர் 100 மி.கி. சேர்ந்த மாத்திரையைத் தொடங்கினார், நாளுக்கு ஒன்று. மே 23-ல் 84-வது மாத்திரை. அதிலிருந்து 84 நாளை எண்ணினால் ஆகஸ்ட் 15. அன்று விடுமுறை, ஆகவே 16-ந் தேதி ரத்தம் கொடுத்தார். கிருமி இல்லை. மகிழ்ச்சிதான். ஆனால் பிப்ரவரிக் கடைசியில் எடுத்த ஸ்கேனுக்கும் இப்போது கிட்டத்தட்ட ஆறு மாதமாகிவிட்டது. அதே வாரத்தில் அடுத்த ஸ்கேன்.

மறு ஆண்டு எண்களெல்லாம் அழகாகிவிடுகின்றன. வயது 57, எஸ்.ஜி.ஓ.டி. 30, எஸ்.ஜி.பி.டி. 25, பிளேட்லெட் 1,40,000. ஃபிப்-4 கணக்கு 2.4-க்கு இறங்கிவிட்டது. விறைப்பு 13. 'பார்த்தீர்களா டாக்டர், சுருக்கமே போய்விட்டது, இனி எதற்கு ஸ்கேன்?' என்று அவர் கேட்டால் நியாயமான கேள்வி போலத்தான் தோன்றும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். இந்த எண்கள் தழும்பை மட்டும் அளப்பதில்லை, அழற்சியையும் சேர்த்தே அளக்கின்றன. கிருமி போனதும் அழற்சி அடங்கி எண்கள் சரசரவென இறங்கும். தழும்பு கரைவதற்கு ஆண்டுகள் ஆகும். சிலருக்குக் கொஞ்சம் கரையும், சிலருக்கு அதுவும் இல்லை. அதனால் கண்காணிப்பைச் சிகிச்சைக்கு முந்தைய எண்களை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். பிந்தைய எண்ணை வைத்து நிறுத்துவதில்லை.

பயம் கல்லீரல் புற்றுநோயைப் பற்றியது. கிருமி ஒழிந்ததால் அதன் வாய்ப்பு பெருமளவு, பாதிக்கு மேலேயே, குறைந்துவிடுகிறது. ஆனாலும் சுருக்கம் வந்த நூறு பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கோ இருவருக்கோ கட்டி வருகிறது. ஆறு மாதம் என்ற இடைவெளிக்கும் காரணம் உண்டு. பல கட்டிகள் இரண்டு மடங்காகச் சில மாதங்கள் எடுத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் சிறிதாக இருக்கும்போதே பிடித்துவிட வாய்ப்பு அதிகம். ஒரு செ.மீ.க்குக் குறைவான புள்ளி தெரிந்தால் மூன்று மாதத்தில் திரும்பப் பார்ப்பார்கள். அதற்கு மேல் இருந்தால் சாயம் செலுத்திப் படிப்படியாக எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. உண்டு. சிறிய கட்டியை ஊசி வழியாகச் சுட்டுப் பொசுக்கியே அகற்றிவிட முடியும். கட்டி பெரிதாகி ரத்தக்குழாயைப் பிடித்த பிறகு வந்தால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

ஸ்கேனுடன் ஏ.எஃப்.பி. என்ற ரத்தச் சோதனையும் எடுப்பது வழக்கம். கிருமி இருந்த காலத்தில் அழற்சியாலேயே அது ஏறிக் குழப்பும். கிருமி போன பிறகு இறங்கிவிடும், அதற்கப்புறம் ஏறினால் கூடுதலாகக் கவனிக்கத்தான் வேண்டும். உணவுக்குழாய் நரம்பு வீக்கம் உள்ளவர் எண்டோஸ்கோப்பிக்கும் சொன்ன இடைவெளியில் போக வேண்டும். கறுப்பாகத் தார்போல மலம், ரத்த வாந்தி, வயிறு உப்பிக்கொண்டே போவது, பகலில் தூக்கமும் பேச்சுக் குழறலும் வந்தால், அடுத்த ஸ்கேன் தேதி வரட்டும் என்று இருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

எத்தனை ஆண்டு வர வேண்டும்? இப்போதைய வழிகாட்டுதலில் முடிவுத் தேதி இல்லை, வாழ்நாள் முழுதும்தான். சுருக்கத்துக்கு ஒரு படி முன்னால் இருந்தவர்கள் விஷயத்தில் மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஐரோப்பிய வழிகாட்டுதல் அவர்களையும் வரச் சொல்கிறது, அமெரிக்க வழிகாட்டுதல் சுருக்கம் உள்ளவர்களோடு நிறுத்திக்கொள்கிறது. எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு வரச் சொல்வதையே நான் விரும்புவேன். ஸ்கேனில் கெடுவது அரை நாள் வேலைதான்.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கிருமி போகப்போகச் சிலருக்குச் சர்க்கரை தானாகவே இறங்கும். பழைய அளவிலேயே மாத்திரையோ இன்சுலினோ தொடர்ந்தால் தாழ்சர்க்கரை மயக்கம் வரலாம்.

ஒருமுறை குணமானால் மறுபடி வராதுதானே?

வரும். அம்மை போல ஒருமுறை வந்தால் காப்பு கிடைக்கும் நோய் அல்ல இது, தடுப்பூசியும் இல்லை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், ஊசி வழியே போதைப்பொருள் பயன்படுத்துபவர்கள் போன்று மீண்டும் தொற்ற வாய்ப்புள்ளவர்கள் குணமான பிறகும் இடையிடையே பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவும் வைரல் லோடு பரிசோதனைதான், ஆன்டிபாடி பரிசோதனை அல்ல. ஆண்டுகள் கழித்துக் கிருமி தென்பட்டால் அது பெரும்பாலும் புதிதாக வந்ததே. பழையது திரும்பியதா, புதிது வந்ததா என்பதை மரபுவகை பார்த்துச் சொல்ல முயலலாம். முன்பு மூன்றாம் வகை, இப்போது முதல் வகை என்றால் புதுத் தொற்று. இரண்டும் மூன்றாம் வகை என்றால் அதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது.

குணமாகி இரண்டு ஆண்டு ஆகிறது. வளைகுடா வேலைக்கான மருத்துவச் சோதனையில் ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மருந்து பொய்யா?

மருந்து பொய் இல்லை. அங்கே பார்த்தது ஆன்டிபாடி. கிருமி ஒருகாலத்தில் உள்ளே வந்தது என்பதற்கு உடம்பு வைத்திருக்கும் நினைவுக் குறிப்பு அது. குணமான பிறகும் பல ஆண்டுகள், பலருக்கு ஆயுள் முழுதும், அது நிற்கும். அது நெகட்டிவ் ஆக வேண்டுமென்று மறுபடி மறுபடி பரிசோதித்துக் காசைக் கரைக்காதீர்கள், மறுபடி மாத்திரையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். ரத்த தானத்திலும் இதே காரணத்தால் உங்கள் ரத்தத்தை ஏற்க மாட்டார்கள். தெரியாமல் கொடுக்கப் போய் ஒவ்வொரு முறையும் கடிதம் வந்து கலங்க வேண்டாம்.

மருத்துவமனை, காப்பீடு, அறுவை சிகிச்சைக்கு முந்தைய சோதனை ஆகிய இடங்களில் 84-வது நாளுக்குப் பின் எடுத்த வைரல் லோடு அறிக்கையைக் காட்டினால் விளக்கம் முடிந்துவிடும். தேதியோடு உள்ள அந்தத் தாளையும், எந்த மாத்திரை எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற மருத்துவர் குறிப்பையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வளைகுடாச் சோதனை மையத்தில் மட்டும் அந்தத் தாளை நீட்டினாலும் பயன் இருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். அங்கே விதி ஆன்டிபாடியைத்தான் பார்க்கிறது, கிருமி இருக்கிறதா என்பதைப் பார்ப்பதில்லை. ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டும் முன் இதை விசாரித்துக்கொள்வது நல்லது.